மேட்டூர்த் தண்ணீரும் வங்கிப் பணமும்: வகுப்பில் நான் தவறாகச் சொல்லிக்கொடுத்த ஒன்று



முப்பது வருஷத்துக்கு மேல் சமூக அறிவியல் பாடம் நடத்தியவன் நான். வங்கி என்ற பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் ஒரே படத்தைத்தான் போடுவேன். இடப்பக்கம் சேமிப்பவர், நடுவில் வங்கி, வலப்பக்கம் கடன் வாங்குபவர். "சேமிப்பவர் போட்ட பணத்தை வாங்கி, கொஞ்சம் கூடுதல் வட்டிக்குக் கடன் கொடுப்பதுதான் வங்கியின் வேலை" என்று சொல்லி, பிள்ளைகளை இரண்டு முறை திருப்பிச் சொல்ல வைப்பேன். அந்தப் படம் தவறு. ஓய்வு பெற்று வெகுநாள் கழித்துத்தான் அது எனக்கே புரிந்தது.

புரிய வைத்தவன் என்னிடம் படித்த பையன். இப்போது ஒரு வங்கியில் அதிகாரியாக இருக்கிறான். பேத்தியின் பிளஸ் டூ பொருளியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் முழித்துக்கொண்டிருந்த நாளில் பார்க்க வந்திருந்தான். "சார், நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரி யாரோ போட்ட பணத்த எடுத்து நான் இன்னொருத்தருக்குக் கொடுக்கறதில்ல. கடன் சாங்ஷன் பண்ணி என்ட்ரி போட்டா, அந்த என்ட்ரிதான் சார் பணம்" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னாலும் சொன்ன விஷயம் சின்னதில்லை.

நம் டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்ல மேட்டூரைவிட நல்ல உவமை கிடையாது. பழைய பாடம் பணத்தை மேட்டூர்த் தண்ணீர் மாதிரி நினைக்கிறது. ரிசர்வ் வங்கி அணை. அங்கே ஷட்டரைத் திறந்தால் கல்லணைக்கு வரும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, கடைசியில் நம் வாய்க்காலுக்கு வரும். மேலே எவ்வளவு விட்டார்களோ அதற்கு மேல் கீழே இருக்க முடியாது. பணத்தின் அளவை மத்திய வங்கி வெளியிலிருந்து தீர்மானிக்கிறது என்ற இந்தக் கொள்கைக்கு மில்டன் ஃபிரீட்மன் போன்ற பெரிய பெரிய ஆட்கள் வாதாடினார்கள்.

எதிர்க்கட்சி சொல்வது வேறு. பணம் அணையிலிருந்து வருவதில்லை. ஒருவர் கடன் கேட்டு, வங்கி சம்மதித்துக் கணக்கில் எழுதும்போது அந்த இடத்திலேயே பிறக்கிறது. மத்திய வங்கி அளவைத் தீர்மானிப்பதில்லை, விலையை, அதாவது வட்டி விகிதத்தைத்தான் தீர்மானிக்கிறது. இங்கிலாந்தின் நிக்கோலஸ் கால்டார் இந்தக் கட்சியைச் சேர்ந்தவர். 1956-இல் நம் நாட்டுக்கு வரிச் சீர்திருத்த யோசனை சொல்ல வந்தாரே, அதே கால்டார்தான்.

இரண்டில் எது சரி என்று பார்க்கப் பெரிய புத்தகம் வேண்டாம். ஒரு குறுவைக் கடனின் கணக்கைப் பின்தொடர்ந்தால் போதும்.

ஜூன் மாதம். நம் ஊர் விவசாயி ஒருவருக்கு வங்கியில் 1,00,000 ரூபாய் பயிர்க்கடன் அனுமதி ஆகிறது. அந்த நிமிஷம் வங்கிக் கணக்கில் நடப்பது இரண்டே இரண்டு வரி. சொத்துப் பக்கம், "இவர் தரவேண்டிய கடன் 1,00,000." பொறுப்புப் பக்கம், "இவர் சேமிப்புக் கணக்கில் இருப்பு 1,00,000." வேறு யாருடைய கணக்கிலிருந்தும் ஒரு ரூபாய் குறையவில்லை. பக்கத்து வீட்டு அம்மா போட்டு வைத்த வைப்பு அப்படியே இருக்கிறது. எதிர்வீட்டு ஓய்வூதியரின் கணக்கும் அப்படியே இருக்கிறது. ஆனால் நேற்று நாட்டில் இருந்த பணத்தைவிட இன்று 1,00,000 ரூபாய் கூடுதலாக இருக்கிறது.

அவர் உரக்கடைக்கு 25,000 ரூபாய் அனுப்புகிறார். கடைக்காரருக்குக் கணக்கு வேறு வங்கியில். இங்கேதான் ரிசர்வ் வங்கி வருகிறது. வணிக வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியில் ஒரு கணக்கு உண்டு. நம் விவசாயியின் வங்கிக் கணக்கில் அங்கே 25,000 குறையும், கடைக்காரரின் வங்கிக் கணக்கில் 25,000 ஏறும். அடுத்து, நடவு ஆட்களுக்குக் கூலி கொடுக்க 30,000 ரூபாயை நோட்டாக எடுக்கிறார். அந்த நோட்டை வங்கி ரிசர்வ் வங்கியிடமிருந்து தன் கணக்கில் கழித்துத்தான் பெற வேண்டும். மீதி 45,000 அவர் கணக்கில் கிடக்கிறது. இப்போது கூட்டிப் பாருங்கள். கடைக்காரரிடம் 25,000, நடவு நட்டவர்கள் கையில் 30,000, விவசாயியிடம் 45,000. மொத்தம் 1,00,000. கை மாறியதே தவிரக் குறையவில்லை.

அறுவடை ஆகிறது. நெல் டிபிசியில் போட்டுப் பணம் கணக்கில் ஏறுகிறது. வங்கி கடனைக் கழித்துக்கொள்கிறது. சொத்துப் பக்கத்தில் 1,00,000 அழிகிறது, பொறுப்புப் பக்கத்தில் அவர் இருப்பிலிருந்து 1,00,000 அழிகிறது. கடனாகப் பிறந்த பணம் கடன் அடைந்ததும் மறைந்துவிட்டது. அதை எந்தப் பெட்டியிலும் எடுத்து வைப்பதில்லை. வட்டி மட்டும் வங்கிக்கு வருமானமாக நிற்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். டிபிசியில் நமக்குக் கொடுத்த அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? நெல் கொள்முதலுக்கு அரசு நிறுவனங்கள் வங்கிகளிடம் கடன் வாங்குகின்றன. "உணவுக் கடன்" என்று ரிசர்வ் வங்கி அதைத் தனியாகவே கணக்குக் காட்டுகிறது. கொள்முதல் காலத்தில் அது ஏறும், அரிசியும் கோதுமையும் விற்று மானியமும் வந்து சேரச் சேர இறங்கும். அதாவது நம் கடனை அடைத்த பணத்திலும் ஒரு பங்கு இன்னொரு கடனில் பிறந்தது. நெல் களத்துக்கு வந்ததால்தான் பணம் பிறந்தது. பணம் முதலில் வந்து காத்திருந்து நெல்லை வரவழைக்கவில்லை.

கால்டார் இதையே தன் ஊர் உதாரணத்தில் சொன்னார். டிசம்பரில் இங்கிலாந்தில் புழங்கும் நோட்டு கூடுகிறது. அதற்காக, நோட்டுக் கூடியதால்தான் கிறிஸ்துமஸ் வந்தது என்று யாராவது சொல்வார்களா என்று கேட்டார். நமக்குப் பொங்கல். தை மாதம் பணப்புழக்கம் கூடுகிறது என்றால், பொங்கலும் அறுவடையும் வந்ததால் கூடுகிறது.

சரி, வங்கி இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டே போகலாமா என்று கேட்பீர்கள். முடியாது. பழைய பாடம் அந்தத் தடையை சி.ஆர்.ஆர். என்கிற ரொக்க இருப்பு விகிதத்தில் தேடுகிறது. பேத்தியின் புத்தகக் கணக்கு இப்படிப் போகும். 100 ரூபாய் வைப்பு வருகிறது, 10 சதவீதம் ஒதுக்கிவிட்டு 90-ஐக் கடன் கொடுக்கிறார்கள், அது இன்னொரு வங்கியில் வைப்பாகிறது, அதில் 81 கடனாகிறது. இப்படியே போய் 1,000-இல் நிற்கும். கணக்கில் பிழையே இல்லை. ஆனால் நடைமுறை அந்த வரிசையில் நடப்பதில்லை.

நம் நாட்டு விதியைப் பாருங்கள். இந்த இரண்டு வாரத்தில் ஒரு வங்கி எவ்வளவு ரொக்க இருப்பு வைக்க வேண்டும் என்பது, ஏற்கெனவே முடிந்துபோன ஒரு தேதியில் அதன் வைப்புகள் எவ்வளவு இருந்தன என்பதை வைத்துக் கணக்கிடப்படுகிறது. கடன் கொடுத்தாயிற்று, வைப்பு பிறந்தாயிற்று, பிறகுதான் இருப்புக்கான கேள்வியே வருகிறது. எல்லா வங்கிகளுக்குமாகச் சேர்த்து இருப்புப் போதவில்லை என்றால் ரிசர்வ் வங்கி என்ன செய்யும்? கொடுக்க மறுத்தால் வங்கிகள் தங்களுக்குள் ஒரு நாள் கடனுக்கு அடித்துக்கொள்ளும், வட்டி தாறுமாறாக ஏறும். தான் அறிவித்த வட்டி நிலைக்க வேண்டுமென்றால் ரிசர்வ் வங்கி கேட்ட இருப்பைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கொடுக்கும் விலைதான் ரெப்போ விகிதம். 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.50 சதவீதம் ஆனது. விலைவாசியைப் பிடிக்க ரிசர்வ் வங்கி முக்கியமாக நம்பியது இந்த விலையேற்றத்தைத்தான். "நாட்டில் இனி இத்தனை லட்சம் கோடிதான் பணம்" என்று அளவு போட்டு அறிவிக்கவில்லை.

அளவு போட்டுப் பார்த்த காலமும் உண்டு. சுகமய் சக்கரவர்த்தி குழு 1985-இல் அறிக்கை கொடுத்தது. அதன் பிறகு ரிசர்வ் வங்கி எம்3 என்கிற பண அளவுக்கு ஆண்டுதோறும் இலக்கு வைத்தது. அந்தக் காலத்தில் சி.ஆர்.ஆர். 15 சதவீதம் வரை போனது. இலக்கு பல ஆண்டு தவறியது. மத்திய அரசுக்குப் பற்றாக்குறை வந்தால் தற்காலிகக் கருவூல உண்டியல்களை எடுத்துக்கொண்டு ரிசர்வ் வங்கி பணம் கொடுத்தாக வேண்டும் என்ற ஏற்பாடு 1997 வரை இருந்தது. வாசலில் ஒருவர் வாங்கிக்கொண்டே இருக்கும்போது கல்லாவுக்கு அளவு குறிக்க முடியுமா? பண அளவுக்கும் விலைவாசிக்கும் இருந்த உறவும் உறுதியாக இல்லை என்று கண்டார்கள். 1998 ஏப்ரலில் அந்த முறையைக் கைவிட்டார்கள். 2014-இல் இங்கிலாந்து மத்திய வங்கி தன் காலாண்டு இதழிலேயே, வைப்பு கடனை உண்டாக்குவதில்லை, கடன்தான் வைப்பை உண்டாக்குகிறது என்ற பொருளில் விளக்கமாக எழுதிவிட்டது. என் கரும்பலகைப் படத்துக்கு அதோடு முடிவு வந்தது.

இதற்கெல்லாம் மேலே ஒரு பெரிய சோதனை நம் கண் முன்னாலேயே நடந்தது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். புழக்கத்தில் இருந்த நோட்டின் மதிப்பில் சுமார் 86 சதவீதம். வயலில் சம்பா நின்ற நேரம். நவம்பர் 14-க்குப் பிறகு மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டை வாங்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். களையெடுத்தவர்களுக்குக் கூலி கொடுக்க நோட்டில்லாமல் கடன் சொல்லி நின்றவர்களை நான் பார்த்தேன். நோட்டு என்பது பணத்தின் ஒரு பகுதிதான், ஆனால் கூலி நோட்டில் நடக்கும் ஊரில் அதைப் பிடுங்கினால் மூச்சு முட்டும். அளவும் முக்கியம் என்று வாதிடுகிறவர்களுக்கு இந்த இடத்தில் பாதி மதிப்பெண் தாராளமாகப் போடலாம்.

மறுபாதியைப் பாருங்கள். செல்லாத நோட்டில் 99 சதவீதத்துக்கு மேல் வங்கிகளுக்கு வந்து சேர்ந்தது. வங்கிகளில் வைப்பு வெள்ளமாகப் பெருகியது. பழைய பாடம் சரியென்றால் இதற்குப் பிறகு கடன் கரைபுரண்டு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அந்த ஆண்டு வங்கிக் கடன் வளர்ச்சி பல பத்தாண்டுகளில் காணாத அளவுக்கு மந்தமாக இருந்தது. பணம் குவிந்து என்ன செய்வதென்று தெரியாமல், கூடிய வைப்பு முழுவதையும் ரிசர்வ் வங்கியில் இருப்பாக வைக்கச் சொல்லிச் சில வாரங்கள் உத்தரவே போட்டார்கள். நம் டெல்டாவை மட்டும் வைத்து இதை முடிவு கட்ட மாட்டேன். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது, பயிர் கருகியது, எது எதனால் என்று பிரிக்க முடியாது. ஆனால் நாடு முழுவதுக்குமான கணக்கு அதுதான். 2020-இல் கொரோனா காலத்தில் சி.ஆர்.ஆரை 3 சதவீதமாகக் குறைத்தபோதும் இதே கதை. கைக்கு வந்த உபரியில் பெரும்பங்கை வங்கிகள் ரிசர்வ் வங்கியிடமே திருப்பிப் போட்டு வைத்தன. குளத்தில் தண்ணீர் நிறைந்து கிடந்தது, பாய்ச்சத்தான் ஆளில்லை.

அப்படியானால் தடை எங்கே இருக்கிறது? கடன் கேட்கிறவர் இருக்க வேண்டும். அவர் திருப்பிக் கட்டுவார் என்று வங்கி நம்ப வேண்டும். கடன் வாராமல் போனால் நஷ்டத்தைத் தாங்க வங்கிக்குச் சொந்த மூலதனம் இருக்க வேண்டும். கூடவே ரிசர்வ் வங்கி வைத்த வட்டிக்கு மேல் அதற்கு லாபம் நிற்க வேண்டும். தடைகள் இவைதான். பெட்டியில் பணம் தீர்ந்துபோவது பட்டியலில் இல்லை.

இங்கே நம் ஊர் சொசைட்டிக்காரர்கள் கோபிக்கக்கூடாது. "மேலேருந்து நிதி வரல, வந்தாத்தான் கடன்" என்று அவர்கள் சொல்வது பொய்யில்லை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் முழு வங்கி அல்ல. அதற்கு ரிசர்வ் வங்கியில் கணக்குக் கிடையாது. அது மத்தியக் கூட்டுறவு வங்கியிடம் வாங்குகிறது, அது மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கியிடம் வாங்குகிறது, அதற்கு நபார்டு மறுநிதி கொடுக்கிறது. சங்கத்தின் வாசலில் நிற்கும்போது பணம் உண்மையிலேயே மேட்டூர்த் தண்ணீர் மாதிரிதான் வருகிறது. கடைமடைக்குக் கடைசியில் வரும், சில வருஷம் வராமலும் போகும். நாம் செய்யும் தவறு, அந்த வாய்க்காலைப் பார்த்துவிட்டு முழு நாட்டுப் பணமும் அப்படித்தான் என்று நினைப்பது. மேலே இருப்பது முடிவு எடுக்கும் ஆட்கள். "நிதி இல்லை" என்றால் "இந்த வருஷம் இவ்வளவுக்கு மேல் விவசாயத்துக்குக் கடன் எழுத வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம்" என்று அர்த்தம்.

இந்த வித்தியாசம் யாரைச் சுடுகிறது தெரியுமா? குத்தகைக்காரரை. நம் மாவட்டத்தில் கோயில் நிலமும் மடத்து நிலமும் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். உழுகிறவர் பெயரில் பட்டா கிடையாது. சிட்டாவும் அடங்கலும் கொண்டு வா என்றால் அவர் எங்கே போவார்? வீட்டில் இருக்கும் நகையை வைப்பார், அதுவும் இல்லையென்றால் தனியாரிடம் கைநீட்டி நூற்றுக்கு மூன்று, ஐந்து என்று மாத வட்டி கொடுப்பார். என் உறவில் ஒருவர் மூன்று ஏக்கர் குத்தகை நிலத்துக்குக் கடன் கேட்டு ஒரு கிளையில் நான்கு நடை நடந்தார். கடைசியில் "இப்போ ஃபண்ட் இல்லீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அதே மாதம் அதே கிளையில் புறவழிச்சாலைப் பக்கம் மனை வாங்க ஒருவருக்குப் பல லட்சம் கடன் எழுதினார்கள். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? எழுதியதால் வந்தது. இவருக்கு எழுதவில்லை, அவ்வளவுதான்.

பழைய பாடத்தின் கெடுதல் இதுதான். பணம் ஏற்கெனவே அளந்து வைத்த தண்ணீர் என்று நம்பினால், கிடைக்காதவன் "என்ன செய்வது, இல்லை என்கிறார்கள்" என்று திரும்பிவிடுவான். எழுதினால் பிறப்பது என்று தெரிந்தால், "யாருக்கு எழுதினீர்கள், எனக்கு ஏன் எழுதவில்லை" என்று கேட்பான். முதல் கேள்விக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் உண்டு, விதி உண்டு, மாற்றவும் முடியும்.

அதற்காக, எல்லோருக்கும் எழுதிக் கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்று நான் சொல்லவில்லை. அதற்கும் மேட்டூரே சாட்சி. 2024-இல் ஜூன் 12 அன்று அணை திறக்கவில்லை. ஜூலை 28 வரை காத்திருந்தோம். அந்த ஜூனில் ஒரு நிமிஷத்தில் 1,00,000 ரூபாயை எழுதிவிடலாம். ஒரு குடம் தண்ணீரை எழுத முடியாது. பணத்தை எழுதலாம், நெல்லை விளைவித்துத்தான் ஆக வேண்டும். விளைச்சலுக்குப் போகாமல் மனைக்கும் நகைக்கும் கடன் எழுதிக்கொண்டே போனால் மனை விலைதான் ஏறும். தஞ்சாவூரைச் சுற்றி வயல் விற்ற விலையைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஃபிரீட்மன் பயந்தது வீணான பயமில்லை. ஷட்டர் எங்கே இருக்கிறது என்பதில்தான் அவர் தவறினார். அது மும்பையில் மட்டும் இல்லை, ஒவ்வொரு கிளை மேலாளரின் மேஜையிலும் இருக்கிறது.

வட்டி விகிதம் என்ற ஒரே கருவியை வைத்துக்கொண்டு ரிசர்வ் வங்கியால் இதைச் சரிசெய்யவும் முடியாது. ரெப்போ ஏறினால் மனை வாங்குகிறவருக்கும் ஏறும், உரம் வாங்குகிறவருக்கும் ஏறும். மாத வட்டி ஐந்து கொடுக்கிற குத்தகைக்காரருக்கு ரெப்போ ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? வங்கிக் கடனில் 18 சதவீதம் விவசாயத்துக்கு என்று முன்னுரிமைக் கடன் விதி வைத்திருப்பது இதனால்தான். அந்த 18 எண்ணிக்கையில் நிறைந்தால் போதாது. பட்டா இல்லாத, உண்மையில் சேற்றில் இறங்குகிறவர் பெயரில் எத்தனை கடன் எழுதினார்கள் என்று கேட்க வேண்டும். குத்தகைப் பதிவு இருந்தால் அதை வைத்தே கடன் எழுதலாம். அந்தப் பதிவை ஒழுங்காகச் செய்து கொடுப்பது கோயிலுக்கும் மடத்துக்கும் வருவாய்த் துறைக்கும் பெரிய செலவில்லாத வேலை. என் கோரிக்கை இவ்வளவுதான்.

என்னிடம் படித்த பிள்ளைகளே, நோட்டில் அந்தப் படத்தை இன்னும் யாராவது வைத்திருந்தால் அம்புக்குறியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். கடன் முதலில், வைப்பு பின்னால். அடுத்த தடவை யாராவது உங்களிடம் "பணம் இல்லை" என்று சொன்னால், "யாருக்கு இல்லை?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தப்பாகச் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கு அதுதான் பிராயச்சித்தம்.